அன்னி பெசன்ட்டின் எழுபதாம் ஆண்டு ஜாதகம்: எந்த ஊருக்குப் போடுவது?

அன்னி பெசன்ட் 1893இல் வெளியிட்ட தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே அவருடைய ஜாதகக் கட்டம் அச்சாகியிருக்கிறது. லண்டன், 1847 அக்டோபர் 1, மாலை 5.39 என்று பிறந்த நேரத்தையும் அவரே தருகிறார். அந்தக் கட்டத்தை ஆதாரமாக வைத்து ஒரு கேள்விக்கு விடை தேடினேன். 1916 அக்டோபரில் தொடங்கிய அவருடைய எழுபதாம் ஆண்டுக்கு, மேற்கத்திய முறையில் 'பிறந்தநாள் ஜாதகம்' போட்டால் என்ன வருகிறது?

கேள்வி என்னுடையது அல்ல. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் தெருவில், சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். விடுப்பில் வந்திருந்தபோது கைபேசியில் இரண்டு கட்டங்களைக் காட்டினார். "சார், பொறந்த ஊருன்னு திருவொற்றியூர் போட்டா ஒரு மாதிரி வருது. பர்த்டே அன்னிக்கு கப்பல் எங்க இருந்துச்சோ அந்த எடத்தப் போட்டா வேற மாதிரி வருது. எத நம்புறது?" சோலார் ரிட்டர்ன் என்று அந்தச் செயலி பெயர் போட்டிருந்தது. அவர் கேட்டது முந்நூறு ஆண்டுக்கு மேலாக ஐரோப்பிய ஜோதிடர்களைப் பிரித்து வைத்திருக்கும் கேள்வி. அதைச் சோதிக்க, பிறந்த நேரமும் வாழ்க்கை நிகழ்ச்சிகளின் தேதியும் அச்சில் உள்ள ஓர் ஆள் வேண்டும். பிறந்த ஊருக்கும் வாழ்ந்த ஊருக்கும் நடுவே நல்ல தூரமும் இருக்க வேண்டும். லண்டனில் பிறந்து அடையாற்றில் வாழ்ந்த பெசன்ட்டைவிடப் பொருத்தமானவர் எனக்குக் கிடைக்கவில்லை.

அடையாறு என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கணக்கிடும் 'ப்ரோக்ரஸ்டு' ஜாதகத்தை இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் படித்தவர்களிடையே பரப்பியவர் ஆலன் லியோ. லண்டன்காரர், பிரம்மஞான சபை உறுப்பினர், பெசன்ட் தலைமையேற்ற இயக்கத்தைச் சேர்ந்தவர். 1909லும் 1911லும் இந்தியாவுக்கு வந்து நம் ஜோதிடத்தையும் பயின்றார். ஆக, இந்த முறைகளின் கதை சென்னைக்குத் தொடர்பில்லாத கதை அல்ல.

முதல் தடயம்: 5.39

பிறந்தநாள் ஜாதகத்தின் அடிப்படை எளிது. நீங்கள் பிறந்த நொடியில் சூரியன் ராசி மண்டலத்தில் எந்தப் பாகை, எந்தக் கலையில் நின்றதோ, அதே இடத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வருகிறது. அந்த நொடியில் வானம் எப்படி இருந்தது என்று கட்டம் போட்டு, அடுத்த பிறந்தநாள் வரை அதுதான் ஆண்டின் ஜாதகம் என்று படிக்கிறார்கள். நம் ஊரில் வருஷ பலன் பார்க்கும் தாஜிக முறையும் இதே வேரில் முளைத்ததுதான். அரபு, பாரசீக நூல்கள் வழியாக வந்து, 1587இல் நீலகண்டர் எழுதிய 'தாஜிக நீலகண்டீ'யில் நிலைபெற்றது.

ஆகவே எல்லாமே பிறந்த நேரத்தில் தொங்குகிறது. பெசன்ட்டின் பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் பயனில்லை. இங்கிலாந்தின் பிறப்புச் சான்றிதழில் நேரம் எழுதும் வழக்கம் இல்லை. இரட்டைக் குழந்தைகளுக்கு மட்டும்தான் எழுதுவார்கள். எனவே 5.39 என்பது வீட்டார் சொல்லிக் கேட்ட நேரம். அதைக் குறுக்கு விசாரணை செய்ய வானம் ஒன்றுதான் சாட்சி.

அக்டோபர் 1 அன்று லண்டனில் சூரியன் மறைவது எப்போது என்று கணக்கிட்டேன். கண்ணுக்குத் தெரியும் அஸ்தமனம் ஏறக்குறைய 5.39 மணியளவில்தான் வருகிறது! காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போன பிறகும் சில நிமிடம் நம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சில நிமிடத்தைக் கழித்தால், சூரியனின் மையம் அடிவானத்தைத் தாண்டியது சுமார் 5.34க்கு. ஜாதகக் கட்டம் இந்தக் கணித அடிவானத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், கண் பார்க்கும் அடிவானத்தை அல்ல.

இதன் விளைவு பெரிது. 5.39 என்றால் லக்னம் மேஷத்தில் பத்துப் பதினொரு பாகை. சூரியன் துலாம் 7 பாகை 54 கலையில், அடிவானத்துக்குச் சற்றுக் கீழே, ஆறாம் வீட்டில். பத்தே நிமிடம் முன்னால் பிறந்ததாக வைத்தால் லக்னம் மேஷம் ஐந்து பாகைக்கு இறங்கும். சூரியன் அடிவானத்துக்கு மேலே வந்து ஏழாம் வீட்டில் உட்காரும். ஆறாம் வீடு உழைப்பு, ஊழியம், நோய். ஏழாம் வீடு கூட்டாளி, எதிராளி. வீட்டார் நினைவில் பத்து நிமிடம் முன்பின் இருந்தால் பிறவி ஜாதகத்தின் பொருளே மாறிவிடுகிறது. 'மாலையில், பொழுது சாயும்போது' என்று சொல்லக் கேட்டு, பிறகு அதற்கு ஒரு மணிக்கணக்கு கொடுத்திருந்தாலும் இப்படித்தான் வரும். அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருந்தால் கட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் என் பேச்சு.

இரண்டாம் தடயம்: சூரியன் திரும்பிய நேரம்

இனி 1916க்கு வருவோம். கணக்கைக் கையாலேயே போடலாம். சூரியன் துலாமின் அந்தப் பகுதிக்குத் திரும்ப 365 நாள் 5 மணி 48½ நிமிடம் ஆகிறது. 1847இலிருந்து 1916 வரை 69 ஆண்டுகள். 5 மணி 48½ நிமிடத்தை 69ஆல் பெருக்கினால் 16 நாள் 16 மணி 46 நிமிடம். அதே காலத்தில் நாட்காட்டியில் சேர்ந்த மிகுநாட்கள் 17. 1900 மிகு ஆண்டு அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. பதினேழு நாளில் அந்த 16 நாள் 16 மணி 46 நிமிடத்தைக் கழித்தால் 7 மணி 14 நிமிடம் மிஞ்சும். அவ்வளவு நேரம் முன்னதாகவே சூரியன் வந்துவிடுகிறது. மாலை 5.39இலிருந்து 7 மணி 14 நிமிடம் பின்னால் போனால் கிரீன்விச் நேரம் காலை 10.25. சூரியனின் இடத்தைத் தனியே கணக்கிட்டுப் பார்த்தபோதும் இதற்கு மிக அருகிலேயே வந்தது.

இந்திய நேரம் மாலை 3.55. இங்கே ஒரு கண்ணி உண்டு. 1906 ஜனவரி 1க்கு முன்பு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஐந்தரை மணி கூட்டியிருக்க முடியாது. அதுவரை சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடமே முன்னால் இருந்தது. ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயில்கள் ஓடியதும் அந்த நேரத்தில்தான். 1916இல் ஐந்தரை மணி என்பது சரி.

நேரத்தில் ஒரு பிசகு எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் பழைய அளவையே சொல்லிவிடும். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. சூரியன் ஒரு நாளில் நகர்வது ஏறக்குறைய அறுபது கலை. அதாவது நாழிகைக்கு ஒரு கலை. சூரியனின் இடத்தில் ஒரே ஒரு கலை தவறினால் திரும்பும் நேரம் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் தவறும். அந்த ஒரு நாழிகையில் வானம் ஆறு பாகை சுழன்றுவிடும். பழைய அட்டவணைகளில் சூரியன் இரண்டு கலை பிசகியிருந்தால் பிறந்தநாள் ஜாதகத்தின் லக்னம் பன்னிரண்டு பாகையளவு வேறாகிவிடும். நல்ல அட்டவணை கைக்கு வரும்வரை ஐரோப்பாவில் போடப்பட்ட பிறந்தநாள் ஜாதகங்களின் லக்னத்தை இந்தக் காரணத்தால்தான் நம்ப முடியாது. பெசன்ட் விஷயத்தில் அட்டவணை குற்றவாளி அல்ல. பிறந்த நேரம் பத்து நிமிடம் மாறினால் சூரியன் திரும்பும் நேரமும் அதே பத்து நிமிடம் மாறும். அவ்வளவுதான்.

மூன்றாம் தடயம்: எந்த வானம்?

இப்போது கப்பல்காரத் தம்பியின் கேள்வி. சூரியன் திரும்பும் நொடி உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் அந்த நொடியில் லண்டனில் காலை பத்தரை, அடையாற்றில் மாலை நான்கு. கிழக்கே எந்த ராசி எழுகிறது என்பது ஊருக்கு ஊர் வேறு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் மொரின் என்ற ஜோதிடர், அந்த நொடியில் ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த ஊருக்குத்தான் போட வேண்டும் என்று அடித்துச் சொன்னார். பிறந்த ஊரை விடக் கூடாது என்பவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள். குடியிருக்கும் ஊருக்குப் போடுவோம் என்பது நடுவழி.

லண்டனுக்குப் போட்டேன். லக்னம் விருச்சிகத்தின் பிற்பகுதி, உச்சியில் கன்னியின் நடுப்பகுதி. இன்று மேற்கில் பரவலாக உள்ள ப்ளாசிடஸ் முறையில் வீடு பிரித்தால் சூரியன் பத்தாம் வீட்டில்: பதவி, புகழ், அரசோடு நேர் தொடர்பு. அதே கட்டத்தை நம் ஊர் வழக்கப்படி ஒரு ராசிக்கு ஒரு வீடு என்று எண்ணினால், விருச்சிக லக்னத்துக்குத் துலாம் பன்னிரண்டாம் வீடு. மேற்கத்திய நூல்களில் பன்னிரண்டாம் வீடு சிறை, தனிமை, மறைமுகப் பகை.

அடையாற்றுக்குப் போட்டேன். லக்னம் மீனத்தின் தொடக்கம். ராசிக்கு ஒரு வீடு என்றால் துலாம் எட்டாம் வீடு: ஆபத்து, முடிவு, பிறர் பொருள். ப்ளாசிடஸ் முறையிலோ வேடிக்கை. அன்று சென்னையில் சூரியன் மறைவது ஆறு மணியையொட்டி. அஸ்தமனத்துக்குச் சரியாக இரண்டு மணி நேரம் முன்பு, எட்டாம் வீட்டிலிருந்து ஏழாம் வீட்டுக்குச் சூரியன் இறங்கும் எல்லைக்கோடு வருகிறது. சூரியன் திரும்பியதும் நான்கு மணியையொட்டி. அதாவது எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. இரண்டொரு நிமிடத்தில் ஆபத்தின் வீடு கூட்டாளியின் வீடாகிவிடும்.

அடையாற்றுக்குப் போட்ட கட்டம் திருவொற்றியூருக்குப் பொருந்துமா என்று தெருவில் ஒருவர் கேட்டார். பொருந்தும். இரண்டு ஊருக்கும் கிழக்கு மேற்கில் உள்ள இடைவெளி நேரக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு விநாடிதான். நகரத்துக்குள் இடம் மாறுவதால் கட்டம் மாறாது. கடல் கடந்தால்தான் மாறும்.

இதோடு நிற்கவில்லை. மேலே சொன்னதெல்லாம் சாயனக் கணக்கு. வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து ராசியை அளப்பது. நம் பஞ்சாங்கங்கள் நட்சத்திரத்திலிருந்து அளக்கும் நிராயணக் கணக்கு. இரண்டுக்கும் ஆண்டுக்கு இருபது நிமிட வேறுபாடு. 69 ஆண்டில் அது 23½ மணி நேரமாகச் சேர்ந்துவிடும். ஆகவே திருக்கணிதப்படி சூரியன் திரும்புவது மறுநாள், அக்டோபர் 2, பிற்பகல் 3.30 வாக்கில். வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டளவு 365 நாள் 6 மணி 12½ நிமிடம். அதை 69ஆல் பெருக்கிக் கூட்டினால் அதே அக்டோபர் 2 இரவு 7.30. ஒரே பெண்மணி, ஒரே பிறந்தநாள். சூரியன் மூன்று வேளையில் திரும்புகிறது!

நான்காம் தடயம்: பிறந்த அறுபத்தொன்பதாம் நாள்

ப்ரோக்ரஸ்டு ஜாதகம் வேறு வழியில் போகிறது. பிறந்ததற்குப் பிந்தைய முதல் நாள் வாழ்வின் முதல் ஆண்டு, இரண்டாம் நாள் இரண்டாம் ஆண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி ப்ளாசிடஸ் இதற்கு வடிவம் கொடுத்தார். வீடு பிரிக்கும் முறைக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. பிற்காலத்தில் ஆலன் லியோ இதற்கென்றே 'தி ப்ரோக்ரஸ்டு ஹாரஸ்கோப்' என்ற தடித்த நூலை எழுதினார். இந்தக் கணக்கில் 24 மணி நேரம் ஓர் ஆண்டு. இரண்டு மணி நேரம் ஒரு மாதம். நான்கு நிமிடம் ஒரு நாள்.

பெசன்ட்டின் 69ஆம் பிறந்தநாளுக்கு, 1847 அக்டோபர் 1இலிருந்து 69 நாள் எண்ணினால் டிசம்பர் 9 வருகிறது. அன்று மாலை 5.39க்குச் சூரியன் தனுசு 17 பாகையில் நின்றது. சந்திரன் மகரம் 9 பாகை சொச்சத்தில். சூரியன் ஆண்டுக்கு ஒரு பாகைதான் நகரும் என்பதால் மெதுவான மாற்றத்தைக் காட்டும் என்பார்கள். மாதத்துக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகம் நகரும் சந்திரன்தான் இந்த முறையில் மாத முள். பிறவி ஜாதகத்தின் உச்சிப் புள்ளி மகரம் 4 பாகை. சந்திரன் அதைத் தாண்டியது, ஒன்பது பாகையிலிருந்து பின்னோக்கி எண்ணினால், 1916 மே மாதம். பிறவிச் சந்திரனுக்கு நேர் எதிரே, மகரம் 13 பாகைக்கு வந்தது 1917 ஜனவரி நடுவில். 1917 ஜூனில் அது மகரம் 18 பாகையளவில் இருந்தது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. பிறந்த நேரம் பத்து நிமிடம் தவறினாலும் இந்தச் சந்திரன் வெறும் ஐந்தாறு கலைதான் விலகும். வாழ்க்கையில் அது இரண்டரை நாள். பிறந்தநாள் ஜாதகத்தை அடித்து நொறுக்கும் பிழை இங்கே காலில் முள் குத்திய அளவுதான். ஆனால் உச்சிப் புள்ளியும் லக்னமும் அந்தப் பத்து நிமிடத்தில் பாகைக் கணக்கில் நகரும். உச்சி இரண்டரைப் பாகை நகர்ந்தால் மே மாதம் என்று சொன்னது மார்ச் ஆகிவிடும். கிரகத்துக்கும் கிரகத்துக்கும் உள்ள தொடர்பை இந்த முறையில் ஓரளவு நம்பிக் கணக்கிடலாம். கிரகம் லக்னத்தையோ உச்சியையோ தொடுவதை வைத்து மாதம் குறிப்பது ஆபத்து.

நடந்தது என்ன

பெசன்ட்டின் அந்த ஆண்டு வரலாற்று நூல்களில் தெளிவாக இருக்கிறது. 1916இல் அவர் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழிடம் சென்னை அரசு ஜாமீன் தொகை கேட்டது. பிறகு அதைப் பறிமுதலும் செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. செப்டம்பரில் சென்னையில் ஹோம் ரூல் லீகைத் தொடங்கினார். 1917 ஜூனில் அரசு அவரையும் ஜார்ஜ் அருண்டேலையும் பி.பி. வாடியாவையும் காவலில் வைத்தது; உதகமண்டலத்தில் அடைக்கப்பட்டார்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு அவரே தலைவர். உடன் அடைபட்ட வாடியா, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நம் வடசென்னையின் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களோடு மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்.

இனி கட்டங்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். லண்டன் கட்டம், ப்ளாசிடஸ் வீடு: சூரியன் பத்தில். காங்கிரஸ் தலைமை என்று கைகாட்டலாம். ஆனால் டிசம்பர் அடுத்த பிறந்தநாள் ஆண்டில் சேரும் என்பதை மெல்ல விழுங்க வேண்டும். அதே லண்டன் கட்டம், ராசிக்கு ஒரு வீடு: சூரியன் பன்னிரண்டில். ஊட்டிச் சிறை! அடையாறு, ராசிக்கு ஒரு வீடு: எட்டு. எழுபதாம் வயதில் ஆபத்து, இதழின் பணத்துக்கான வழக்கு, எல்லாம் உண்டு. அடையாறு, ப்ளாசிடஸ், சூரியனை ஏழில் வைத்தால்: எதிராளி, வெளிப்படையான மோதல். கவர்னர் பென்ட்லண்டே எதிரே நிற்கிறார். ப்ரோக்ரஸ்டு சந்திரன் 1916 மே மாதம் உச்சியைத் தொட்டது என்றால் பொது வாழ்வில் ஏற்றம். நேரத்தைச் சற்று நகர்த்தினால் வேறு மாதத்துக்கும் நிகழ்ச்சி கிடைக்கும், ஏனென்றால் அந்த ஆண்டு அவர் வாழ்வில் நிகழ்ச்சி இல்லாத மாதமே இல்லை. ஆனால் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ஜூன் கைதின்போது, நான் கணக்கிட்ட புள்ளிகளில் எதையும் சந்திரன் தொடவில்லை.

நான்கு வாசிப்பும் பொருந்துகின்றன. அதுதான் சிக்கல். பொருந்தாத ஒன்று இருந்திருந்தால் அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை நம்பலாம். நடந்து முடிந்த பிறகு பார்ப்பவருக்கு எந்த ஊர், எந்த வீட்டுமுறை, எந்த ஆண்டளவு என்று தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. 1916 செப்டம்பரில் உட்கார்ந்து முன்கூட்டிச் சொல்ல வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. கணிதத்தில் ஒரு குறையும் இல்லை. சூரியன் திரும்பிய நேரத்தை ஐந்து நிமிடத்துக்குள் கையாலேயே பிடித்துவிட்டோம். அந்த நேரத்திலிருந்து பலனுக்குப் போகும் வழியில்தான் நான்கு சந்து பிரிகிறது. எதில் திரும்புவது என்று காட்டும் பலகை நூல்களில் இல்லை.

பலன் சொல்வது பற்றிய இந்தச் சங்கடம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது, அதுவும் அதே கோடையில். பெசன்ட் ஊட்டியில் அடைபட்ட மறுமாதம், 1917 ஜூலையில், லண்டனில் ஆலன் லியோ குறி சொல்லிப் பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு நின்றார். 1914இல் இதே மாதிரி ஒரு வழக்கிலிருந்து தப்பியவர். எதிர்காலத்தைச் சொல்வதில்லை, போக்குகளை மட்டுமே சொல்கிறேன் என்பது அவர் வாதம். அவர் அனுப்பிய ஜாதகப் பலனிலோ குடும்பத்தில் மரணம் பற்றிய ஒரு வரி இருந்தது. நீதிமன்றம் வாதத்தை ஏற்கவில்லை. ஐந்து பவுண்டு அபராதம் விதித்தது. ஆகஸ்ட் 30 அன்று அவர் இறந்துபோனார். ஜோதிடம் குணத்தைப் படிக்கும் கலை, நிகழ்ச்சியைச் சொல்வதல்ல என்று இன்று மேற்கில் பலர் பேசுவதற்கு அடித்தளம் போட்டவர் லியோ. அந்தத் தற்காப்புப் பேச்சுக்குச் சட்டத்தின் நெருக்கடியும் ஒரு காரணம் என்பதை வழக்குகளின் தேதிகள் காட்டுகின்றன.

கட்டம் போடுபவர்களுக்கு

கப்பல்காரத் தம்பிக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன், அவரைப் போல் பிறந்தநாள் ஜாதகம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக.

முதலில் பிறந்த நேரத்தைத் தேடுங்கள். மாநகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழில் நேரம் இருக்காது. மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும், அதுதான் ஆவணம். வீட்டுப் பெரியவர்களுக்குக் கணிப்பதானால் இன்னும் எச்சரிக்கை தேவை. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, போர்க்காலத்தில், இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டிருந்தன. அந்த நாட்களில் ராயபுரத்திலோ எண்ணூரிலோ பிறந்தவருக்கு ஆவணத்தில் உள்ள நேரத்தை அப்படியே செயலியில் போட்டால், அந்த ஒரு மணி நேரத்தைச் செயலி கழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். கழிக்காவிட்டால் லக்னம் அரை ராசி தள்ளிப்போகும். உதயாதி நாழிகையில் எழுதிய பழைய ஜாதகமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சூரிய உதயத்துக்குக் கடிகாரம் தெரியாது.

அடுத்து, பலன் சொல்பவரிடம் பிறந்தநாளுக்கு முன்பே நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சாயனமா நிராயணமா, எந்த ஊருக்கு, எந்த வீட்டுமுறை, பிறந்த நேரத்தில் எத்தனை நிமிடம் திருத்தியிருக்கிறார். எழுதி வாங்கிய தாளில் தேதி போட்டு வைத்துவிட்டு, ஆண்டு முடிந்ததும் எடுத்துப் படியுங்கள். நடுவில் ஊரையோ வீட்டுமுறையையோ மாற்றி விளக்கம் சொன்னால் அந்தப் பலனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெசன்ட்டின் எழுபதாம் ஆண்டுக்கு நான் போட்ட கட்டங்கள் எதுவும் இந்தச் சோதனைக்குத் தகுதியானவை அல்ல. அவை எல்லாமே, முடிவு தெரிந்து நூறாண்டு கழித்துப் போட்டவை.